முதல் டிஸ்க்

மெரேசெய்னி எதையும் பூஜ்யத்திலிருந்துதான் எண்ணுவாள். எங்கள் தீவில், லம்பாசா பஸ் நிலையத்துக்குப் பின்னால் எனக்கு யங்கோனாக் கடை. குடித்தால் லேசாக மயக்கும் அந்த வேரை இடித்துத் தூளாக்கிப் பொட்டலம் போட்டு விற்பேன், உட்கார்ந்து குடிக்கிறவர்களுக்குக் கரைத்தும் கொடுப்பேன். என் கடைக்கும் அவளுடைய கம்ப்யூட்டர் கடைக்கும் நடுவே இடுப்பளவு பலகை ஒன்றுதான். காலையில் நான் முதல் சிரட்டையை நீட்டினால் வாங்கிக் குடித்துவிட்டு, "இது கணக்குல வராது நாயுடு அண்ணே, இது பூஜ்யம். இனிமேதான் ஒண்ணு" என்பாள். இப்படியே தினம் ஒரு சிரட்டை ஓசி.

மெரே என்று நாங்கள் கூப்பிடும் அவள், சவுசவு பக்கத்துக் கடலோர கிராமத்துப் பெண். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தவள், தலைமை ஆசிரியரோடு ஒத்துப்போகாமல் வெளியே வந்து தனியாகக் கடை போட்டாள். ஒத்துப்போகாதது யார் குற்றம் என்று நான் கேட்டதில்லை. அவள் வாயைத் தெரிந்தவர்கள் கேட்கவும் மாட்டார்கள். ஆள் பெரிய உருவம், காதில் எப்போதும் ஒரு செம்பருத்தி, கையில் ஸ்குரூ டிரைவர். வந்தவனைக் கேலி செய்யாமல் அவள் வேலை தொடங்கியதில்லை.

எங்கள் ஊரில் கம்ப்யூட்டர் கடைக்காரி பிழைப்பதற்குக் கரும்புச் சாம்பல் ஒன்றே போதும். சர்க்கரை ஆலை ஓடுகிற மாதங்களில் தோட்டத்துக்குத் தோட்டம் தீ வைப்பார்கள். கறுப்புச் சாம்பல் பறந்து வந்து துணி, சோறு, தலை, எல்லாவற்றிலும் உட்காரும். கம்ப்யூட்டருக்குள் புகுந்தால் விசிறி முனகத் தொடங்கும். ஜனங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "கிளீன் பண்ணிக் குடும்மா" என்பார்கள். அவள் ஊதி, துடைத்துக் கொடுப்பாள். எங்களுக்குக் கிளீன் என்றால் அதுதான். அந்தச் சொல்லுக்கு வேறு ஒரு அர்த்தமும் உண்டு என்பது அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் எனக்குத் தெரியும்.

அவளிடம் அடிக்கடி வரும் இன்னொரு கோளாறு இது. ஆஸ்திரேலியாவில் கழித்துப் போட்ட பெட்டிகள் கப்பலில் இங்கே வரும். டிஸ்க் இல்லாமல் வரும். நம் ஆள் பழைய கம்ப்யூட்டரிலிருந்து டிஸ்க்கைக் கழற்றி அதில் மாட்டி, விண்டோஸ் போடப் பார்ப்பான். எல்லாம் ஒழுங்காகப் போய், எந்த டிஸ்க்கில் போடுவது என்று கேட்கும் இடத்தில் நின்றுவிடும். இந்த டிஸ்க்கில் எம்.பி.ஆர். அட்டவணை இருக்கிறது, இந்தப் பெட்டிக்கு ஜி.பி.டி. தான் ஆகும், போட முடியாது என்று திரையில் வரும்.

"டிஸ்க்குல எந்தப் பகுதி எங்க தொடங்குது, எங்க முடியுதுன்னு தலையில ஒரு அட்டவணை இருக்கும் அண்ணே" என்று ஒருமுறை எனக்கு விளக்கினாள். "பழைய பெட்டிங்க ஒரு மாதிரி எழுதும். இந்தப் புதுப் பெட்டிங்களுக்கு வேற மாதிரி எழுதினாத்தான் அதுலேர்ந்து கிளம்பத் தெரியும். டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. பெட்டியும் நல்லாத்தான் இருக்கு. ரெண்டும் பேசிக்கல, அவ்வளவுதான். உங்களுக்கும் உங்க சம்பந்திக்கும் மாதிரி."

"என் சம்பந்தியை ஏன் இழுக்கிற?" என்றேன்.

அவள் வந்தவர்களிடம் ஒரே கேள்விதான் கேட்பாள்: "உள்ள இருக்கறது வேணுமா, வேணாமா?" வேண்டும் என்றால் சில பெட்டிகளில் பழைய முறைக்கே மாற்றிக் கிளப்பலாம். அந்த வசதி இல்லாத பெட்டி என்றால், முதலில் ஒரு நகல் எடுத்துக்கொண்டு, அட்டவணையை மட்டும் புது மாதிரி மாற்றி எழுதும் கட்டளையை அடிப்பாள். உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். வேண்டாம் என்றால் கறுப்புத் திரையைத் திறந்து, டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, கிளீன் என்று அடித்துவிட்டு ஜி.பி.டி. ஆக்குவாள். அந்தக் கிளீன் துடைப்பது இல்லை. மொத்தமாக அழிப்பது. ஒரு தடவைகூட அந்தச் சொல்லை அடிக்கும்போது அவள் கேலி பேசி நான் பார்த்ததில்லை.

இப்போது சுலோச்சனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சதாசிவக் கவுண்டரின் மனைவி. கவுண்டர் தன் கொட்டகையில் டிராக்டருக்கு அடியில் நசுங்கிச் செத்தார். ஜாக்கி வழுக்கிவிட்டது என்றார்கள். நாங்கள் எல்லோரும் போய் அழுதுவிட்டு வந்தோம். விபத்து என்றுதான் நானும் நம்பினேன்.

காரியம் முடிந்தபின் அவள் மெரேயிடம் வந்தாள். கொட்டகையில் டீசல் திருட்டுப் போகிறதென்று கவுண்டர் ஒரு கேமரா மாட்டியிருந்தார். அதன் படங்களைச் சேர்த்து வைக்கக் கம்ப்யூட்டரைத் தயார் செய்து கொடுத்தவள் மெரேதான். "அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு அதுல இருக்கும்ல?" என்று கேட்டாள் சுலோச்சனா. இருக்கும், கொண்டு வாருங்கள் என்றாள் மெரே. "எங்க கொண்டுவர? அவரை எடுத்த அன்னிக்கே பொட்டியைக் காணோம். இடி விழுந்து எரிஞ்சுபோச்சு, தூக்கிப் போட்டுட்டேங்கிறான் பரசுராம்."

பரசுராம் கவுண்டரின் தம்பி. குத்தகை நிலத்துக்காக இரண்டு பேருக்கும் தகராறு என்பது ஊருக்கே தெரியும். அந்த மாதம் எங்கள் பக்கம் இடியே விழவில்லை என்பதும் தெரியும். போலீசில் சொல்லிப் பார்த்தாள். கேட்டுக்கொண்டார்கள். காட்ட அவளிடம் என்ன இருந்தது? "எனக்கு அவர் எப்படிப் போனாருன்னு தெரியணும் அண்ணே" என்றாள் என்னிடம். "தெரியாம எப்படித் தூங்குவேன்?" அதற்குமேல் அவளுக்கு எந்த ஆசையும் இல்லை.

சில வாரம் கழித்து, வானமே தெரியாதபடி கரும்புத் தீயின் புகை கவிந்திருந்த ஒரு மத்தியானம். குடிக்கிறவர்கள் உட்காரும் என் பாயில் யாரும் இல்லை. சாம்பல் விழாமல் இருக்கச் சட்டியைத் துணியால் மூடிக்கொண்டிருந்தேன். கையில் கப்பலில் வந்த ஒரு கறுப்புப் பெட்டியோடு பரசுராம் மெரேயின் கடைக்குள் ஏறினான். பெட்டியைக் குழந்தையைப் போல அணைத்துப் பிடித்திருந்தான்.

"விண்டோஸ் போடணும். பொண்ணு படிக்கிறதுக்கு. வீட்டுல போட்டுப் பார்த்தேன், டிஸ்க் வேற மாதிரி இருக்குன்னு நின்னுடுச்சு."

"உங்களைப் பார்த்து பயந்திருக்கும்" என்றாள் மெரே. அவன் சிரிக்கவில்லை.

"எனக்கு அவசரம். இங்கயே நிக்கிறேன். விட்டுட்டுப் போகமாட்டேன்."

"நில்லுங்க. முதல்ல சாம்பலை ஊதணும்" என்று மூடியைக் கழற்றினாள். ஊதினாள். பிறகு ஊதுவதை நிறுத்திவிட்டாள். பலகைக்கு இந்தப் பக்கம் இருந்து எனக்கு அவள் முதுகுதான் தெரிந்தது. அந்த முதுகு அசையவே இல்லை.

"தண்ணி குடிச்சுட்டு வர்றேன்" என்று என் பக்கம் வந்தாள். சட்டியின் மேல் குனிந்து மெல்லிய குரலில் சொன்னாள்: "அண்ணே, என் பொட்டு இருக்கு." அவள் கைபட்ட டிஸ்க் எல்லாவற்றிலும் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைப்பது அவள் வழக்கம். "ஊதா. கவுண்டருக்கு நான் வெச்ச ஊதா. பக்கத்துல சதாசிவத்துக்கு எஸ்ஸுன்னு என் கையால எழுதினது."

"போலீசுக்குச் சொல்லட்டுமா?"

"அவங்க வர்றதுக்குள்ள இவன் தூக்கிட்டுப் போயிடுவான். நான் முடியாதுன்னாலும் தூக்கிட்டுப் போயிடுவான். இங்கேர்ந்து வெளிய போனா அது ஆத்துலதான்."

அதை முன்பே ஆற்றில் வீசியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதைத்தான் யோசித்தேன். பரசுராம் செருப்பு அறுந்தால் கம்பி போட்டுக் கட்டி நடக்கிற ஆள். நல்ல டிஸ்க், ஓராயிரம் படம் கொள்ளும், அதைத் தூக்கி எறிய மனசு வருமா? அழித்துவிட்டு வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறான். அவன் கஞ்சத்தனத்தை நினைத்து எனக்கு அந்த நேரத்திலும் கோபம்தான் வந்தது.

மெரே போய் பென்டிரைவைச் சொருகி, விண்டோஸ் போடும் திரையைக் கொண்டுவந்தாள். அவன் சொன்ன அதே இடத்தில் நின்றது. டிஸ்க்கின் பகுதிகள் வரிசையாகத் தெரிந்தன. கீழே எம்.பி.ஆர். என்று அந்த எச்சரிக்கை. பக்கத்திலேயே அழிப்பதற்கு ஒரு பொத்தான் இருந்தது. அவனுக்கு மட்டும் அது தெரிந்திருந்தால் வீட்டிலேயே நாலு தட்டில் வேலை முடிந்திருக்கும். நான் பலகைக்குப் பின்னால் மறைந்து சுலோச்சனாவுக்குப் போன் போட்டேன். "தொட விடாதீங்க அண்ணே, தொட விடாதீங்க" என்று அவள் அலறினாள். அதைத் தடுக்க என்னிடம் இருந்தது ஒரு சட்டி யங்கோனா.

"உள்ள இருக்கறது வேணுமா, வேணாமா?" என்று மெரே வழக்கம்போலக் கேட்டாள்.

"வேணாம்."

"இல்ல, வேணும்னாலும் ஒண்ணும் கஷ்டமில்ல. இந்தப் பெட்டில பழைய முறை கிடையாது. ஆனா அட்டவணையை மட்டும் மாத்தி எழுத ஒரு கட்டளை இருக்கு. கல்யாணப் படம், பொண்ணு படம் எதுவும் போகாது."

"வேணாம்ங்கிறேன்ல? அழிக்கிற வழிதான் எனக்கு வேணும். கிளீன்னு அடிக்கணும். வீடியோவுல பார்த்துட்டேன்."

"எல்லாம் தெரிஞ்ச மாமாவுக்கு இங்க என்ன வேலை?"

"நீ அந்தக் கறுப்புத் திரையை மட்டும் திற. நீங்கள்லாம் அழிக்கிறேன்னு சொல்லிட்டு அழிக்காம விட்டுடுவீங்க. கிளீன் நானே அடிக்கிறேன்." அவளைத் தோளால் ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தான்.

மெரே விலகினாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவளிடம் ஒரு யோசனையும் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. அதைவிட பயமாக அன்று வேறெதுவும் எனக்கு இல்லை. அவள் கறுப்புத் திரையைத் திறந்து டிஸ்க்குகளின் பட்டியலைக் கொண்டுவந்தாள். இரண்டு வரி வந்தது. டிஸ்க் 0. டிஸ்க் 1. முதல் வரி கவுண்டருடைய டிஸ்க். இரண்டாவது வரி அவள் சொருகிய பென்டிரைவ். கடைசியில் அளவும் போட்டிருந்தது, முதல் வரியில் மிகப் பெரியது, அடுத்ததில் சின்னது. அவன் அவ்வளவு தூரம் பார்க்கவில்லை. விரல் விசைப்பலகை மேல் நின்றது.

"முதல் டிஸ்க்குதானே?" என்றான்.

மெரே திரையில் இருந்த பூஜ்யத்தைப் பார்த்தாள். "முதல் டிஸ்க்குதான்."

அவன் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தான். செலக்ட் டிஸ்க் என்று அடித்து, அதன்பின் 1 என்று போட்டான்.

என் கையிலிருந்த சிரட்டை நழுவிச் சட்டியில் விழுந்தது. மெரே அசையவில்லை. காதிலிருந்த செம்பருத்திகூட அசையவில்லை. அவன் கிளீன் என்று அடித்தான். தட்டுவதற்குமுன் திரும்பி அவளைப் பார்த்தான். "சரியா அடிச்சிருக்கேனா?"

"எழுத்தெல்லாம் சரிதான்" என்றாள் மெரே.

தட்டினான். கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு வெற்றிகரமாகத் துடைத்தாயிற்று என்று இங்கிலீஷில் ஒரு வரி வந்தது. அதை அவன் சத்தமாக வாசித்தான், இரண்டு தடவை. மெரேயின் விண்டோஸும் அவள் வருஷக்கணக்கில் சேர்த்த கருவிகளும் இருந்த பென்டிரைவ் காலியாகிவிட்டது. கவுண்டரின் டிஸ்க்கில் ஒரு எழுத்து குலையவில்லை.

"மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்" என்று மெரே கையை நீட்டிப் பொத்தானை அழுத்திப் பெட்டியை அணைத்தாள். கறுப்புத் திரைக்குப் பின்னால் இருந்த திரையில் டிஸ்க்கின் பகுதிகள் இன்னும் வரிசையாக நிற்குமே, அதை அவன் பார்த்துவிடக் கூடாதே என்று எனக்கு உயிர் போய் வந்தது.

"ஏன் அணைச்சே?"

"அழிச்சா அணைச்சுத்தான் போடணும். பாருங்க" என்று மறுபடி கிளப்பினாள்.

இங்கேதான் அந்தக் கோளாறே எங்களுக்குத் துணைக்கு வந்தது. காலி பென்டிரைவிலிருந்து பெட்டி கிளம்பாது. பழைய அட்டவணை உள்ள டிஸ்க்கிலிருந்தும் அந்தப் புதுப் பெட்டிக்குக் கிளம்பத் தெரியாது. கவுண்டருடைய எல்லாம் உள்ளே இருக்க, கிளம்புவதற்கு ஒரு டிஸ்க்கும் இல்லை என்று திரை எழுதிக் காட்டியது.

பரசுராம் அதைக் குனிந்து பார்த்தான். அவன் தோள் தளர்ந்து இறங்கியது. "ஒண்ணுமே இல்லைன்னு சொல்லுதா?"

"அப்படித்தான் சொல்லுது" என்றாள் மெரே. "இனி விண்டோஸ் போட வேற பென்டிரைவ் தயார் பண்ணணும். இணையம் இன்னிக்கு நத்தை மாதிரி ஊருது. நாளைக்கு வாங்க."

அவன் யோசித்தான். பெட்டியைப் பார்த்தான், தெருவில் விழும் சாம்பலைப் பார்த்தான். அழிந்துவிட்டதை இனி காவல் காக்க என்ன இருக்கிறது? "நாளைக்கு நிச்சயமா?" என்று கேட்டுவிட்டு இறங்கினான். இறங்கும்போது என்னிடம் ஒரு சிரட்டை வாங்கிக் குடித்து, யங்கோனா குடிக்கிற வழக்கப்படி கையைத் தட்டி, வாயைத் துடைத்துக்கொண்டு போனான். அவனுக்குக் கரைத்துக் கொடுத்த கையை நான் அன்றைக்குப் பலமுறை கழுவினேன்.

மெரே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஏம்மா, முதல் டிஸ்க்குன்னு சொன்னியே" என்றேன்.

"முதல் டிஸ்க் பூஜ்யம்தானே அண்ணே? நான் பொய் சொல்லலையே" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். "அவன் பூஜ்யம் போட்டிருந்தா? நான் அப்படியே நின்னுக்கிட்டிருந்தேன் அண்ணே. கை வரலை."

டிஸ்க்கை அவள் திறந்து பார்க்கவில்லை. கழற்றி, பையில் போட்டு ஒட்டி, சுலோச்சனாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். அங்கே இன்ஸ்பெக்டர் டிமோதியிடம், யார் கொண்டுவந்தது, தன் பொட்டு எது, என்ன நடந்தது என்று எல்லாவற்றையும் சொல்லி, அதை ஒப்படைத்தாள். அவர்கள் அதை நகல் எடுத்துப் பார்த்தார்கள். என்னை உள்ளே விடவில்லை. விட்டிருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன். சுலோச்சனா போனாள். வெளியே வந்ததும் நேராக வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் டிமோதி சாதாரணச் சட்டையில் வந்து என் பாயில் உட்கார்ந்தார். ஒரு சிரட்டைகூடக் குடிக்கவில்லை. சுலோச்சனா உள்ளே, வேர் மூட்டைகளுக்குப் பின்னால் நின்றாள். போகச் சொன்னேன், போகவில்லை. ஆலைச் சங்கு ஊதி அடங்கியது. மெரே தன் மேஜையில் யாருடைய போனையோ பிரித்து வைத்துக்கொண்டு ஒரே ஸ்குரூவைத் திரும்பத் திரும்ப முடுக்கிக்கொண்டிருந்தாள்.

பரசுராம் வந்தான். மகளையும் கூட்டிக்கொண்டு வருவானோ என்று பயந்துகொண்டிருந்தேன், நல்ல வேளை தனியாக வந்தான். "என் பெட்டி ரெடியா?"

டிமோதி எழுந்து பலகையருகே போனார். "இது உங்க பெட்டியாய்யா? உள்ள இருந்த டிஸ்க் யாருது?"

பரசுராமுக்கு அவரைத் தெரியும். முகம் வெளுத்தது. ஆனால் ஒரு நொடிதான். பிறகு அவன் முகத்தில் வந்த தைரியத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "யாருதா இருந்தா என்ன? எங்க அண்ணன் வீட்டுது. என்ன வேணா பண்ணிப் பாருங்க, அதுல ஒண்ணும் கிடையாது. நானே என் கையால அழிச்சேன். இவங்க ரெண்டு பேரும் சாட்சி."

"எதை அழிச்சீங்க?" என்றார் டிமோதி.

மெரே எழுந்து அந்தப் பென்டிரைவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "நீங்க அழிச்சது இது" என்றாள். "ஒண்ணாவது டிஸ்க். உங்க அண்ணனோடது பூஜ்யம்."

அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். டிமோதி அவன் கையைப் பிடித்தபோதுகூட அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். வாசலில் வண்டி ஏறும்போதுதான் சுலோச்சனா மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். அவன் அவளைப் பார்த்துத் தலை குனிந்தான். அவள் திட்டவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. வண்டி போனதும் என் பாயில் உட்கார்ந்தாள். மெரே பலகையைத் தாண்டி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"முழுசாப் பார்த்தேன் அண்ணே" என்றாள் சுலோச்சனா. "ஜாக்கியை இவன் உதைச்சான். அப்புறமும் அவர் கொஞ்ச நேரம் உயிரோட இருந்தாரு. அதுல சத்தம் கிடையாது. ஆனா வாய் அசையுது." அவள் சிரட்டையை எடுத்து, குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். "தம்பி தம்பின்னு இவனைத்தான் கூப்பிடுறாரு. கையை இவன் பக்கம்தான் நீட்டுறாரு."